ஏழு மணிக்கு அவனுக்குக் காலை

வேளச்சேரியில் இரண்டு படுக்கையறை வீடு, வாடகையில் ஆளுக்குப் பாதி. நண்பனுக்கு அமெரிக்க நேரப்படி வேலை. மாலை ஏழு மணிக்கு நான் செருப்பைக் கழற்றுவதற்குள் தன் மேலாளரைப் பற்றிய புராணத்தை ஆரம்பித்துவிடுவான். நடுவில் நான் எது சொன்னாலும், வாக்கியம் முடியும் முன்பே “சரி, சரி” என்பான். மறுநாளும் அதே கதை.

குளிர்பதனப் பெட்டியில் சீட்டு ஒட்டினேன். அதன்மேல் பால் கணக்கை எழுதிவைத்தான். வாட்ஸ்அப்பில் நீளமாக எழுதினேன். கட்டைவிரல் படம் வந்தது. அலுவலகத்திலேயே தங்கி நேரம் கடத்தியதில் இரவுச் சாப்பாடுதான் கெட்டது.

பிடி கிடைத்தது பல் துலக்கும் பிரஷில். ஏழு மணிக்கு அது ஈரமாக இருந்தது! எனக்கு நாள் முடியும் நேரம், அவனுக்கு விடிகிற நேரம். எழுந்தவுடன் பேச வரும், கேட்க வராது.

அதனால் அவனுக்கு விடுமுறையான ஞாயிறு மதியம், டீக்கடையில் ஒன்றே ஒன்று கேட்டேன்: “ஏழிலிருந்து எட்டு வரை என்னிடம் பேசாதே. எட்டு மணிக்குச் சாப்பிடும்போது நானே கேட்கிறேன்.” முதல்முறையாக, முழுதாகக் கேட்டான். பதிலுக்கு, தான் தூங்கப் போகும் காலை ஆறரைக்கு மிக்சி ஓடக்கூடாது என்றான். இப்போது சட்னியை இரவே அரைத்துவிடுகிறேன்.

அவன் ஷிப்ட் மாறும் வாரங்களில் மட்டும் ஏற்பாடு குலைகிறது. அந்த ஞாயிற்றுக்கிழமையே புது நேரம் பேசிக்கொள்கிறோம்.