கரண்ட் வைத்த பிறகு வாய்ப்புண், தொண்டை வலி: ஒரு வேளைச் சாப்பாட்டை உள்ளே இறக்கும் வழி

அப்பாவுக்கு நாக்கின் அடிப்பகுதியில் புற்றுநோய். வாரத்துக்கு ஐந்து நாள் வீதம் 35 முறை கரண்ட், அதாவது கதிர்வீச்சு வைத்தார்கள், கூடவே வாரம் ஒரு முறை சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்து. கடைசி சிட்டிங் முடிந்ததும் புண் ஆறத் தொடங்கிவிடும் என்றுதான் பலரும் எதிர்பார்க்கிறார்கள். பெரும்பாலும் அடுத்த ஒன்றிரண்டு வாரம்தான் வலி உச்சத்தில் இருக்கும்.

வாய்க்குள் இருக்கும் மெல்லிய தோல் தினமும் மேலே உதிர்ந்து அடியிலிருந்து புதிதாக முளைக்கும். கதிர்வீச்சு அடியில் இருக்கும் அந்த செல்களைத் தாக்குகிறது. மேல் பகுதி வழக்கம்போல உதிர்கிறது, ஈடு செய்ய ஆள் இல்லை. அதனால்தான் புண் இரண்டாவது, மூன்றாவது வாரத்தில் தாமதமாக வருகிறது, தாமதமாகவே போகிறது. இது சத்துக் குறைவால் வரும் புண் இல்லை. மருந்துக்கடையில் தரும் பி காம்ப்ளெக்ஸ் மாத்திரை இதை ஆற்றாது.

நான் இங்கே எழுதுவது புண்ணை ஆற்றும் வழி அல்ல. அது தானாக ஆறும்வரை வயிற்றுக்குள் சோறும் தண்ணீரும் போக வைக்கும் வழி.

1. கொப்பளிக்கும் தண்ணீர்

காய்ச்சி ஆறிய ஒரு லிட்டர் தண்ணீர். அதில் தலை தட்டிய ஒரு டீஸ்பூன் தூள் உப்பு, தலை தட்டிய ஒரு டீஸ்பூன் ஆப்ப சோடா. அவ்வளவுதான். மூடி வையுங்கள், மறுநாள் மிச்சத்தைக் கொட்டிவிட்டுப் புதிதாகக் கலக்குங்கள்.

அளவில்தான் பெரும்பாலும் சறுக்குகிறது. நம் வீடுகளில் ஸ்பூன் என்றால் குவித்து அள்ளுவதுதான் பழக்கம். உப்பு கூடினால் புண்ணில் சுரீர் என்று எரியும், மறுமுறை கொப்பளிக்கவே மாட்டேன் என்பார்கள். மருந்து பாட்டிலோடு வரும் 5 மில்லி அளவு ஸ்பூன்தான் என் கட்சி. அப்படியும் எரிந்தால் உப்பை விட்டுவிட்டு சோடா மட்டும் போடலாம்.

ஒரு வாய் எடுத்து, அரை நிமிடம் மெதுவாகச் சுழற்றித் துப்ப வேண்டும். தலையை அண்ணாந்து கடகடவென்று சத்தம் வரக் கொப்பளிக்க வேண்டாம், தொண்டை இன்னும் நோகும். லேசாகத் தலையைச் சாய்த்து, தண்ணீர் பின்பக்கம் தொட்டால் போதும். விழித்திருக்கும்போது இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை, சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும். பசை மாதிரி நூலாக வரும் எச்சிலை இது கரைத்துவிடும், அதுவே பாதி நிம்மதி.

கடையில் விற்கும் ஆல்கஹால் கலந்த மவுத்வாஷ் கூடவே கூடாது.

*பின்சேர்க்கை:* சோடா போட்ட தண்ணீர் நுரைத்து, கலங்கி, புளிப்பாக இருக்கிறது என்று ஒருவர் எழுதியிருந்தார். அவர் வாங்கியது பேக்கிங் பவுடர். அதில் புளிப்பு உப்பும் மாவும் கலந்திருக்கும். பாக்கெட்டில் சோடியம் பைகார்பனேட் மட்டும் இருக்க வேண்டும்.

2. பல்

குழந்தைகளுக்கான மிக மென்மையான பிரஷ், அதையும் வெதுவெதுப்பான நீரில் நனைத்து இளக்கிவிட்டு. புதினா காரம் இல்லாத ஃபுளோரைடு பேஸ்ட். நாக்கு வழிப்பானைக் கண்ணில் படாமல் எடுத்து வையுங்கள். பல் செட் இருந்தால் சாப்பிடும் நேரம் தவிர கழற்றியே இருக்கட்டும், அழுத்தும் இடத்தில் புண் என்றால் அப்போதும் வேண்டாம்.

3. வலி மருந்துக்கு நேரம் குறிப்பது

வலி வந்த பிறகு மருந்து கொடுப்பது, சாப்பிட முடியாமல் போன பிறகு மருந்து கொடுப்பது போலத்தான். சாப்பாட்டு நேரத்திலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். அப்பாவின் மதிய வேளை இப்படிப் போனது:

11.45க்கு முதலில் தெர்மாமீட்டர், அப்புறம் மருத்துவர் எழுதிய மார்ஃபின் சிரப்பும் பாராசிட்டமால் சிரப்பும். இந்த வரிசை முக்கியம். பாராசிட்டமால் காய்ச்சலை மறைத்துவிடும். கீமோவும் நடந்தவருக்கு 100.4 டிகிரி வந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

12.15க்கு உப்பு சோடா தண்ணீர். எச்சில் பசை போனால்தான் அடுத்த மருந்து புண்ணைத் தொடும்.

12.20க்கு மரக்க வைக்கும் லிக்னோகைன் மருந்து, எழுதிக் கொடுத்த அளவு மட்டும். சில நிமிடங்களில் வாய் மரத்துவிடும். ஆனால் தொண்டையும் மரத்தால் உணவு மூச்சுக்குழாய்க்குள் போவது தெரியாது. நேராக உட்கார்ந்து, சின்னச் சின்ன வாயாக, பேசாமல் சாப்பிட வேண்டும். சூடும் தெரியாது என்பதால் நீங்கள் தொட்டுப் பார்த்துக் கொடுங்கள். குடித்தாலே இருமுகிறவர் என்றால் இதை மருத்துவரிடம் கேட்காமல் தொடாதீர்கள்.

12.30க்கு சாப்பாடு.

மாத்திரை விழுங்க முடியவில்லை என்று எல்லாவற்றையும் பொடித்துவிடாதீர்கள். மெதுவாகக் கரையும் வகை மாத்திரையைப் பொடித்தால் மொத்த மருந்தும் ஒரே அடியாக இறங்கும். மார்ஃபின் மலச்சிக்கல் தரும், அதற்கான மருந்தையும் முதல் நாளே கேட்டு வாங்குங்கள். கேட்காமல் டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரை வாங்கிக் கொடுக்காதீர்கள். சிஸ்பிளாட்டின் ஏறியவரின் சிறுநீரகம் ஏற்கெனவே அடி வாங்கியிருக்கும்.

4. தட்டில் என்ன

காரம், புளி, எலுமிச்சை, தக்காளி, முறுகல் எல்லாம் வெளியே. ரசத்தைத் தெளிவாக எடுத்துக் கொடுத்தாலும் எரியும். குழைய வடித்த சோற்றில் பருப்பும் நெய்யும் போட்டு மிக்ஸியில் அடித்து, வடிகட்டியில் ஒரு முறை தேய்த்து எடுத்தது அப்பாவுக்கு இறங்கியது. இட்லியைப் பாலில் ஊற வைத்து மசிக்கலாம். கேழ்வரகுக் கஞ்சி என்றால் துணியில் வடிகட்டிய கேழ்வரகுப் பாலில் காய்ச்சியது. திப்பி ஒன்று போய் ஒட்டினாலும் அன்றைய சாப்பாடு முடிந்தது. புளிக்காத தயிர் சாதம் பரவாயில்லை, ஆனால் கடுகு தாளிக்காமல். எல்லாம் அறைச் சூட்டில். வெறும் கஞ்சித் தண்ணீரில் எடை நிற்காது, முட்டையோ பால் பவுடரோ சேருங்கள்.

வாரம் ஒரு நாள் எடை பார்த்து எழுதி வையுங்கள். எடை விடாமல் இறங்கினால் மூக்கு வழிக் குழாய் பற்றி மருத்துவரே பேசுவார், அதற்கு மறுப்புச் சொல்லிப் பிடிவாதம் பிடிக்க வேண்டாம். குழாய் இருந்தாலும், அவர்கள் அனுமதித்தால் ஒன்றிரண்டு வாய் தண்ணீரை விழுங்கிக்கொண்டே இருக்க வேண்டும்; விழுங்கும் தசைகளுக்கு வேலை இல்லாவிட்டால் பிறகு அவற்றைத் திருப்புவது கஷ்டம்.

*பின்சேர்க்கை:* தேன் பற்றிப் பலர் கேட்டார்கள். புண் வராமல் தடுக்கத் தேன் தரலாம் என்று மருத்துவ வழிகாட்டுதல்களிலேயே இருக்கிறது. ஆனால் எச்சில் வற்றிய வாயில் பல் சீக்கிரம் சொத்தையாகும், சர்க்கரை நோயாளிக்கு அதுவும் ஒரு கணக்கு. மருத்துவரிடம் கேட்டு, கொடுத்தால் பின்னாலேயே கொப்பளிக்க வையுங்கள். கிராம்பு எண்ணெய், மிளகுக் கஷாயம் வேண்டாம்.

5. எப்போது காத்திருக்கக் கூடாது

வெள்ளையாகத் தயிர்த் திட்டு போலப் படர்ந்து, வலி திடீரென்று மாறினால் அது பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம். புண்ணின் மேல் படியும் வெள்ளைப் படலமும் பார்க்க அப்படியேதான் இருக்கும், வீட்டில் பிரித்துச் சொல்ல முடியாது. சுரண்டிப் பார்க்காமல் காட்டுங்கள், மருந்து வேறு.

நிற்காத ரத்தம், மூச்சு இழுப்பது, குடிக்கும்போதெல்லாம் இருமல், தண்ணீர்கூட இறங்காமல் சிறுநீர் குறைந்து மஞ்சளாகப் போவது, இவற்றில் எது வந்தாலும் விடியும்வரை பார்க்க வேண்டாம். கிளம்பும்போது கொடுத்த மருந்துகளின் பாட்டில்களையும் எடை எழுதிய தாளையும் கையோடு எடுத்துப் போங்கள், இரவு டியூட்டி மருத்துவர் முதலில் கேட்பது அதைத்தான்.