பருப்போடு கொய்யா, தேநீர் பிறகு

தைப்பூசக் காவடிக்காக மொரிசியசில் சைவம் இருக்கும் நாட்களில், பருப்பும் முருங்கைக்கீரையும் சாப்பிடும்போதே, அவற்றின் இரும்புச்சத்து உடலில் நன்றாகச் சேர ஒரு கொய்யாவையும் சாப்பிடுங்கள். வனிலா தேநீரை மட்டும் ஒரு மணி நேரமாவது தள்ளிப்போடுங்கள்.

இறைச்சி இரும்பில் கணிசமான பங்கு ஹீம் என்ற வளையத்துக்குள் இருக்கிறது. குடல் அதை வளையத்தோடு அப்படியே உள்வாங்குவதால் தேநீர் அதை அவ்வளவாகத் தடுப்பதில்லை. சுமார் 15 முதல் 35 சதவீதம் உடலில் சேரும். கீரை, பருப்பின் இரும்புக்கு அந்தக் காப்பு கிடையாது. தேநீரின் டானினும் பருப்பின் ஃபைட்டேட்டும் அதைப் பிடித்துக்கொள்ளும், பல வேளைகளில் 10 சதவீதம்கூடச் சேராது. வைட்டமின் சி இந்த இரும்பைக் கரைந்த நிலையில் வைத்திருந்து குடல் உள்வாங்க உதவுகிறது. ஆனால் இரண்டும் ஒரே வேளையில் வயிற்றில் இருக்க வேண்டும். காலையில் தின்ற பழம் மதியப் பருப்புக்கு உதவாது. எலுமிச்சை பிழிவதும் நல்லதுதான், அடுப்பிலிருந்து இறக்கிய பிறகு. இருந்தாலும் கொய்யாவில் வைட்டமின் சி அதைவிடப் பல மடங்கு.

மீனோ ஆட்டிறைச்சியோ தட்டில் இருந்தால் இது அவ்வளவு தேவையில்லை, அதுவே கீரையின் இரும்பையும் சேர்த்து இழுக்கும். தலசீமியாவோ உடலில் இரும்பு மிகையோ உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதைச் செய்யவே வேண்டாம். ரத்தசோகைக்கு மாத்திரை எழுதிக்கொடுத்திருந்தால் அதை நிறுத்தவும் கூடாது.