முதுகு மட்டும் தெரியும் சிசிடிவி படம்: பெயர் சொல்வதற்கு முன் செய்ய வேண்டியவை

பேருந்து நிலையத்தில் ஒரு பை திருட்டுப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். கேமராவில் பையோடு நடக்கும் ஆளின் முதுகு மட்டும்தான் தெரிகிறது. ஒட்ட வெட்டிய முடி, நடுத்தர உடம்பு, நீலச் சட்டை. பார்த்ததுமே ஒருவர், "இது நம்ம டீக்கடைப் பையன்தானே" என்கிறார். இதை ஏன் ஏற்கக் கூடாது என்று படிப்படியாகப் பார்க்கலாம்.

படி 1: கண்ணில் படுவதை மட்டும் எழுதுங்கள். பெயர் காதில் விழுந்துவிட்டால், அந்தப் பெயருக்குப் பொருந்துவதையே கண் தேடும். அதனால் குறிப்பை முதலில் எழுதிவிடுங்கள்.

படி 2: கேமரா எதை மாற்றியிருக்கும் என்று பாருங்கள். இரவில் அகச்சிவப்பு ஒளியில் எடுத்தால் படம் கறுப்பு வெள்ளையாகிவிடும். கண்ணுக்குக் கறுப்பாகத் தெரியும் சில துணிகள் அதில் வெளிறித் தெரியும். கேமரா மேலே இருந்தால் ஆள் குட்டையாகத் தோன்றுவார். செருப்பும் கூனலும் உயரத்தை மாற்றும், தொளதொள சட்டை உடம்பைப் பெரிதாக்கும்.

படி 3: இன்னும் எத்தனை பேருக்குப் பொருந்தும் என்று எண்ணுங்கள். முக்கியமான படி இதுதான். அந்த நேரத்தில் அங்கே 2,000 பேர் இருந்தார்கள் என்று கணக்குக்காக வைத்துக்கொள்ளுங்கள். அந்த முடி 5 பேரில் ஒருவருக்கு, அந்த உடம்பு 4 பேரில் ஒருவருக்கு, நீலச் சட்டை 10 பேரில் ஒருவருக்கு என்றால், 200-இல் ஒருவர் பொருந்துவார். அதாவது 10 பேர். பக்கத்துத் தொழிற்சாலைச் சீருடை நீலமாக இருந்தால் இன்னும் பலர். இந்தப் பத்துப் பேரில் நமக்குத் தெரிந்தவர் டீக்கடைப் பையன் ஒருவர்தான், அதனால்தான் அவர் பெயர் வாயில் வந்தது. மற்ற ஒன்பது பேரை நாம் பார்த்ததே இல்லை.

அப்படியானால் இந்த அடையாளங்களால் பயனே இல்லையா? இருக்கிறது, ஆளை விலக்குவதற்கு. அன்று முழுக்க இடுப்புவரை முடியோடு இருந்தவர் இந்த ஆள் இல்லை என்று சொல்லிவிடலாம்.

படி 4: உடையை வைத்து உடையை மட்டும் பேசுங்கள். அமெரிக்காவின் ஸ்போகேனில் 1996-இல் நடந்த வங்கிக் கொள்ளையில் கொள்ளையர்கள் முகமூடி போட்டிருந்தார்கள். படத்தில் தெரிந்த ஜீன்ஸ் தையலோரத் தேய்மானத்தை, சந்தேக நபரிடம் கைப்பற்றிய ஜீன்ஸோடு எஃப்.பி.ஐ. ஒப்பிட்டது. அந்த முறையின் நம்பகத்தன்மையைப் பின்னாளில் ஆய்வாளர்கள் கேள்வி கேட்டார்கள். அது சரியென்றே வைத்தாலும், அது சொல்வது "அதே ஜீன்ஸ்" என்பதை மட்டும்தான். போட்டிருந்தவர் யார் என்பதற்கு வேறு சாட்சியம் வேண்டும்.

படி 5: முகம் தெரியும் காட்சியைத் தேடுங்கள். அதே ஆள் எந்த வழியாக வந்தார் என்று நேரத்தைப் பிடித்துப் பின்னோக்கிப் போங்கள்: நுழைவாயில், டிக்கெட் கவுன்டர், எதிர்க்கடை. ஒரு கேமராவிலிருந்து அடுத்ததற்கு இடையில் ஆள் பார்வையிலிருந்து மறைந்தால், அந்த இடைவெளியையும் குறித்துவையுங்கள். கேமரா காட்சிகளைச் சேமிக்கும் டிவிஆர் கருவி பழைய பதிவின் மேலேயே புதியதை எழுதும், அதனால் அன்றைக்கே பிரதி எடுத்துப் போலீஸிடம் கொடுத்துவிடுங்கள். அதுவரை குறிப்பில் "நீலச் சட்டை அணிந்த ஒருவர், முகம் தெரியவில்லை" என்றே இருக்கட்டும்.