மொத்தமாக வாங்கும் மளிகை எங்கே கையைக் கடிக்கிறது?

மளிகைச் செலவைக் குறைக்க முதலில் தோன்றுவது மொத்தமாக வாங்கும் யோசனைதான். கிலோவுக்குப் பத்து ரூபாய் குறைகிறது என்று பத்து கிலோ துவரம்பருப்பு வீட்டுக்கு வந்துவிடும். சில்லறை விலை 150, மொத்த விலை 140 என்று வைத்துக்கொள்வோம். 1,400 ரூபாய் கொடுத்திருக்கிறோம். அதே பணத்துக்குச் சில்லறையில் ஒன்பதேகால் கிலோவுக்குச் சற்று மேல் கிடைத்திருக்கும். ஆகவே வண்டு விழுந்தோ ஈரம் பட்டோ முக்கால் கிலோ வீணானால் லாபம் முழுக்கப் போய்விடும்.

எத்தனை கிலோ வாங்கலாம் என்பதைக் கடையில் நின்று முடிவு செய்வதுதான் இங்கே தவறு. வீட்டுச் செலவை அளந்துவிட்டுப் போக வேண்டும். நான்கு பேர் வீட்டில் ஒரு வேளை சாம்பாருக்கு 100 கிராம் பருப்பு, வாரம் நான்கு நாள் சாம்பார், ரசத்துக்கும் கூட்டுக்கும் கொஞ்சம் என்றால் மாதம் இரண்டு கிலோ போதும். தமிழ்நாட்டில் பருப்பு தரும் ரேஷன் அட்டை இருந்தால் அதில் ஒரு கிலோவை 30 ரூபாய்க்கே வாங்கிவிடலாம். கடையில் வாங்க வேண்டியது மீதி ஒரு கிலோ மட்டும்தான். பத்து கிலோ வாங்கினால் அது பத்து மாதச் சரக்கு.

எல்லாத் தானியமும் ஒரே மாதிரி தாங்கும் என்று நினைப்பது அடுத்த தவறு. பயறு வண்டு முழுப் பயறின் தோல் மேல்தான் முட்டையிடும். அதனால் உடைத்த பருப்பைவிடக் காராமணி, பச்சைப்பயறு, கொண்டைக்கடலை ஆகியவற்றில் வண்டு சீக்கிரம் விழும். வாங்கும்போதே ஒரு கைப்பிடி எடுத்துப் பாருங்கள். தோலில் வெள்ளைப் புள்ளி ஒட்டியிருந்தால் அது முட்டை. வட்டத் துளை இருந்தால் வண்டு வெளியேறிவிட்டது. இவற்றை ஒரு மாத அளவுக்கு மேல் வாங்க வேண்டாம். ஃப்ரீசரில் இடமிருந்தால் காற்றுப் புகாத பையில் ஒரு வாரம் வைத்து எடுத்தால் முட்டையும் புழுவும் செத்துவிடும். வெயிலில் காயவைத்தால் சூடு முழுக்க ஆறிய பிறகே டப்பாவில் போட வேண்டும். சூட்டோடு மூடினால் உள்ளே வியர்த்துப் பூஞ்சை பிடிக்கும். ரவை, மைதாவை மொத்தமாக வாங்கவே வேண்டாம். வறுத்த ரவை மட்டும் கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும்.

வருஷத்துக்கே வாங்கி வைக்கத் தகுந்தவை புளியும் காய்ந்த மிளகாயும். புதுச் சரக்கு வரும் மாசி முதல் சித்திரை வரை வாங்கினால் வெயிலும் சேர்ந்தே கிடைக்கும். புளியைக் கொட்டை எடுத்து, காயவைத்து, கல்லுப்பு தூவிப் பீங்கான் ஜாடியில் அடைக்கலாம். மிளகாய் குலுக்கினால் விதை சலசலக்க வேண்டும். அதுவரை காய வேண்டும். காம்பைக் கிள்ளாமல் வையுங்கள், கிள்ளினால் காற்றும் பூச்சியும் உள்ளே போக வழியாகிவிடும். மொத்தத்தையும் ஒரே தடவை மில்லில் அரைத்துவிடுவது பலர் செய்வது. பொடியில் நிறமும் மணமும் இறங்கிக்கொண்டே போகும். இரண்டு மாதத்துக்கு ஆகும் அளவை அரைத்துக்கொண்டால் போதும்.

காய்கறியில் தவறு வேறு மாதிரி. திங்கள் முருங்கைக்காய் சாம்பார், செவ்வாய் தக்காளிக் குழம்பு என்று வீட்டில் எழுதிக்கொண்டு சந்தைக்குப் போனால் என்ன விலை சொன்னாலும் வாங்கத்தான் வேண்டும். மார்கழிப் பனியில் முருங்கைப் பூ உதிர்ந்து காய் விலை ஏறிவிடும். அப்போது அதே சாம்பாருக்கு முள்ளங்கியோ வெள்ளைப் பூசணியோ போதும். தக்காளி விலை ஏறிய வாரத்தில் குழம்புக்கும் ரசத்துக்கும் புளி இருக்கிறது. ‘சாம்பார், ஒரு பொரியல்’ என்று சமையலை மட்டும் எழுதிக்கொண்டு, காயின் பெயரை உழவர் சந்தை விலைப்பலகையைப் பார்த்துப் போட்டுக்கொள்ளலாம்.

வாங்கியதைச் சமைக்கும் வரிசையிலும் பணம் போகிறது. ஞாயிறன்று சந்தைக்குப் போனால் கீரை அன்றைக்கோ மறுநாளோ ஆக வேண்டும். வெண்டையும் கத்தரியும் புதனுக்குள். வெண்டையைக் கழுவி வைத்தால் கொழகொழத்துவிடும், நறுக்கப் போகும்போது கழுவித் துடைத்தால் போதும். கோஸ், பீன்ஸ் வார நடுவில். சேனை, சேப்பங்கிழங்கு, வெட்டாத பூசணி வெள்ளி, சனிக்கு. பூசணிக் கீற்று மலிவாகத் தெரிந்தாலும் இரண்டு மூன்று நாளில் ஓரம் கொழகொழத்துவிடும்.

பணம் போதாத மாதத்தில் பலர் முதலில் பருப்பில் கை வைப்பார்கள்; சாம்பார் நீர்த்துப்போகும். 100 கிராம் துவரம்பருப்பில் ஏறக்குறைய 22 கிராம் புரதம் இருக்கிறது. அதைப் பாதியாக்கினால் மிஞ்சுவது சில ரூபாய்தான், பசியோ நாலு மணிக்கே வந்து பிஸ்கட் பாக்கெட்டைப் பிரிக்க வைக்கும். குறைக்க வேண்டியது அந்தப் பாக்கெட்டை. காய் தீர்ந்துபோகும் சனிக்கிழமைக்கு, முந்தின இரவே 200 கிராம் காராமணியோ கொண்டைக்கடலையோ ஊறவைத்தால் நாலு பேருக்குக் குழம்பும் ஆகும், மாலைக்குக் கொஞ்சம் சுண்டலும் மிஞ்சும்.