மணலில் புதைத்த குழாயின் பெண்டுக்குத் திரஸ்ட் பிளாக் போடுவது எப்படி

உச்சிப்புளிப் பக்கம் ஒரு தென்னந்தோப்பில் 200 மி.மீ. பி.வி.சி. குழாய் பதித்து மூடியாயிற்று. சோதனைக்கு அழுத்தம் ஏற்றினோம். தண்ணீர் ஓடவேயில்லை, மறுமுனை அடைத்திருந்தது. இருந்தும் 90 டிகிரி பெண்ட் மணலைத் தள்ளிக்கொண்டு நகர்ந்து, ரப்பர் வளைய இணைப்பிலிருந்து குழாய் உருவிக்கொண்டு வந்துவிட்டது. "தண்ணியே ஓடலையே அண்ணே" என்றான் உடனிருந்த பையன். நியாயமான கேள்விதான். இந்த நகர்வைத் தடுக்கப் பெண்டின் வெளிப்புறம் மண்ணோடு சேர்த்து ஊற்றும் காங்கிரீட் கட்டிதான் திரஸ்ட் பிளாக்.

ஓட்டத்தின் உதைப்பு இங்கே மிகச் சிறியது, தள்ளுவது அழுத்தம். நேர்க்குழாயில் இரு பக்கத்து அழுத்தமும் ஒன்றையொன்று சமன்செய்துவிடும். பெண்டில் இரண்டு திசைகள் சேர்வதால், விசை முழுவதும் வளைவின் வெளிப்புறம் நோக்கிப் போகிறது. ரப்பர் வளையம் கசிவைத்தான் தடுக்கும், இழுப்பைப் பிடிக்காது. ஃபிளாஞ்ச் போட்டு போல்ட்டால் இறுக்கிய இணைப்பு என்றால் பிடித்துக்கொள்ளும்.

முதலில் விசையைக் கணக்கிடுங்கள். அழுத்தத்துக்குச் சோதனை அழுத்தத்தையே எடுக்க வேண்டும். ஓட்டும் அழுத்தம் அதைவிடக் குறைவு. கீழே T தள்ளும் விசை, P சோதனை அழுத்தம், A குழாயின் குறுக்குவெட்டுப் பரப்பு, θ பெண்டின் கோணம்.

```
T = 2 × P × A × sin(θ/2)
  = 2 × 6 kg/cm² × 314 cm² × sin 45°
  ≈ 2665 kg
```

ஏறத்தாழ 2.7 டன். இதைத் தாங்குவது காங்கிரீட்டின் எடை என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் பிளாக்கின் முதுகுக்குப் பின்னுள்ள மண்தான் தாங்குகிறது. காங்கிரீட் அந்த விசையை அகலமாகப் பரப்பிக் கொடுக்கிறது. இந்தக் கரையோரத் தளர்ந்த மணலுக்குச் சதுர மீட்டருக்கு 5 டன்னுக்கு மேல் நான் நம்புவதில்லை. 2.7ஐ 5ஆல் வகுத்து, 1.5 மடங்கு பாதுகாப்பு வைத்தால் 0.8 சதுர மீட்டர் வருகிறது. அதாவது 1 மீட்டர் அகலம், 80 செ.மீ. உயரம் கொண்ட முதுகு.

அடுத்தது பள்ளம், சிக்கலே இங்கேதான். முதுகு சாயும் சுவர் தோண்டப்படாத மணலாக இருக்க வேண்டும். நம் பக்கம் நிலத்தடி நீர் மேலேயே இருப்பதால், வெட்டிய சுவர் பொலபொலவென்று சரியும். சரிந்த மணலை அள்ளிப் போட்டு மிதித்து அதன்மேல் காங்கிரீட் ஊற்றுவது வீண். நீரை இறைத்துக்கொண்டே உறுதியான மணல் வரும்வரை பின்னோக்கி வெட்டுங்கள். வெட்டிய இடம் முழுவதையும் காங்கிரீட்டாலேயே நிரப்புங்கள். கூடுதலாகும் சிமெண்டைக் கணக்குப் பார்க்காதீர்கள்.

ஊற்றுவதற்கு முன் பெண்டைப் பாலிதீன் தாளால் சுற்றுங்கள். காங்கிரீட் பெண்டின் உடலோடு நிற்கட்டும். இணைப்பின் வாயை மூடினால் பின்னால் கசிவைப் பார்க்கவும் முடியாது, சரிசெய்யவும் முடியாது. கலவைக்கு நன்னீர். 7 நாள் நனைத்த பிறகே சோதனை.

சோதனைக்கு முன், இணைப்பின் வாயை ஒட்டிக் குழாயில் பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். அழுத்தம் ஏறும்போது கோட்டுக்கும் வாய்க்கும் நடுவே இடைவெளி தெரிந்தால், சொட்டுக் கசிவுகூட இல்லாவிட்டாலும் பம்பை நிறுத்திவிடுங்கள், பிளாக் நகர்கிறது.