அம்மாவின் நகைகளைப் பங்கிடும் முன்: எடை, கல் கழிவு, விலை ஆகியவற்றைக் கணக்கிடும் முறை

பெற்றோர் விட்டுச் சென்ற நகைகளைப் பிள்ளைகள் பங்கிட உட்காரும்போது, “இன்று பவுன் என்ன விலை?” என்பதே பெரும்பாலும் முதல் கேள்வியாக வருகிறது. உண்மையில் அது கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி. எல்லா நகைகளையும் ஒரே தரத் தங்கத்தின் கிராம் கணக்குக்கு மாற்றிவிட்டு அந்தக் கிராமிலேயே பங்கிட்டால், விலை என்பது எஞ்சி நிற்கும் சிறு வித்தியாசத்துக்கு மட்டுமே தேவைப்படும். கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் நான் உடனிருந்து கணக்கெழுதிய ஒரு குடும்பத்தின் பங்கீட்டைக் கொண்டே இதை விளக்குகிறேன். கணக்கு எளிதில் புரிவதற்காக எண்களைச் சற்று முழுமையாக்கியிருக்கிறேன்.

தந்தை முன்பே காலமாகிவிட்ட அந்தக் குடும்பத்தில் அக்கா, தம்பி, தங்கை என மூவர். மூவருக்கும் சம பங்கு. இருந்தவை நான்கு வளையல்கள், ஓர் இரட்டைவடச் சங்கிலி, ஏழு பூக்கள் கொண்ட ஒரு சிவப்புக்கல் அட்டிகை.

முதல் படி: எடை போடுதல்

பூந்திக்கொட்டை நீரில் நகைகளை மென்மையாகக் கழுவி, நன்றாக உலரவைத்த பிறகே தராசில் வைக்க வேண்டும். அட்டிகை போன்ற பழைய கல் நகைகளை மட்டும் நனைக்காமல் துணியால் துடைப்பது நல்லது, ஏனெனில் அவற்றின் உள்ளே அரக்கு இருக்கும். வெந்நீர் பட்டால் அது இளகிக் கல் அசையும். தராசு 10 மில்லிகிராம் வரை காட்டுவதாகவும், எடையளவுத் துறையின் முத்திரை புதுப்பிக்கப்பட்டதாகவும் இருக்க வேண்டும். வீட்டில் உறை பிரிக்காத 8 கிராம் காசு இருந்தால், உறையோடு அல்லாமல் காசை மட்டும் வைத்துப் பார்ப்பது தராசைச் சோதிக்க எளிய வழி.

அம்மாவின் நோட்டில் “அட்டிகை 5 பவுன்” என்று எழுதியிருந்தது. ஒரு பவுன் 8 கிராம் என்பதால் அது 40 கிராம் ஆகிறது. தராசு காட்டியதோ 38.50 கிராம். தேய்மானம் போக அந்தக் குறிப்பு ஏறக்குறைய சரியே. ஆனால் அது கல்லும் அரக்கும் சேர்ந்த எடை என்பதை நோட்டு சொல்லவில்லை. பழைய குறிப்புகளில் இந்தத் தவறு மிகச் சாதாரணம். வளையல்கள் தலா 12 கிராம் வீதம் 48 கிராமும், சங்கிலி 32 கிராமும் இருந்தன.

இரண்டாம் படி: கல்லைக் கழித்தல்

மனத்தாங்கல் பிறக்கும் இடம் இதுதான். கடைக்காரர் நகையைப் புரட்டிப் பார்த்துவிட்டு “கல்லுக்கு இவ்வளவு கழித்துக்கொள்ளலாம்” என்று சொல்வது மதிப்பீடு அல்ல, ஊகம். திறந்த கட்டு நகையாக இருந்தால் கல் முழுவதும் வெளியே தெரிவதால் அளவைக் கொண்டு ஓரளவு எடை சொல்லலாம். மூடிய கட்டில், கல்லுக்கு அடியில் எவ்வளவு அரக்கு நிரப்பியிருக்கிறது என்பதை வெளியிலிருந்து யாராலும் சொல்ல முடியாது.

அதனால் மூவர் முன்னிலையிலும் ஆசாரி ஒரே ஒரு பூவை மட்டும் பிரித்தார். அதில் நடுக்கல் 0.48 கிராம், சுற்றியிருந்த ஆறு சிறு கற்கள் தலா 0.12 வீதம் 0.72 கிராம், அரக்கு 0.30 கிராம், மொத்தம் 1.50 கிராம். ஏழு பூக்களும் ஒரே அளவாக இருந்தபடியால் ஏழால் பெருக்கி 10.50 கிராம் கழித்தோம். நிகர எடை 28 கிராம். பிரித்த பூவில் தங்கம் மட்டும் 4 கிராம் நின்றது இந்தக் கணக்கோடு பொருந்தியது. பூக்கள் வெவ்வேறு அளவில் இருந்தால், ஒவ்வோர் அளவுக்கும் ஒன்றைப் பிரிக்காமல் இந்த முறை செல்லாது. மீண்டும் கல் பதிக்கும் கூலியை மூவரும் பகிர்ந்துகொண்டார்கள்.

இத்தகைய நகைகளில் பல, செயற்கைச் சிவப்புக் கற்களால் ஆனவை; அவற்றுக்குத் தனி விலை போட வேண்டியதில்லை. வைரமோ உண்மையான மாணிக்கமோ என்ற ஐயம் இருந்தால், அதைத் தங்கக் கணக்கில் கலக்காமல் இரத்தினப் பரிசோதனைக் கூடத்தில் தனியாக மதிப்பிட வேண்டும். வைரத்தின் ஒரு காரட் என்பது 0.2 கிராம் எடை. தங்கத்தின் காரட் என்பது தரம். இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் உண்டு.

மூன்றாம் படி: டச், அதாவது நகையில் உள்ள தங்கத்தின் சதவீதம் பார்த்தல்

2021-க்குப் பிறகு வாங்கிய நகையில் எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க ஹால்மார்க் குறியீடு இருக்கக்கூடும். பழைய நகையில் அது இருக்காது. இருபத்திரண்டு காரட் என்று சொல்லி வாங்கிய நகையிலும் தங்கம் 91.6 சதவீதம் இருக்கும் என்பதில்லை. பொடி வைத்துப் பற்றவைத்த இணைப்புகள் அதிகமுள்ள சங்கிலியில் தரம் குறைந்தே நிற்கும். எக்ஸ்ரே கருவி மேற்பரப்பை மட்டுமே படிப்பதால், ஒரே இடத்தில் பார்ப்பது போதாது. சங்கிலியில் மூன்று இடங்களில் 89.5, 86.0, 88.5 எனக் காட்டியதால் சராசரி 88 என்று கொண்டோம். பற்றிடத்தில் மட்டும் பார்த்திருந்தால் சங்கிலிக்கு அநியாயம் நடந்திருக்கும். அட்டிகை 86, வளையல்கள் 91.6. முலாம் பூசியிருக்குமோ என்ற சந்தேகம் வந்தால், கண்ணில் படாத ஓரத்தில் சிறிது உரசிவிட்டுப் பார்க்க வேண்டும்.

நகையை வாங்கிக்கொள்ள விரும்பும் கடையில் டச் பார்க்காதீர்கள் என்பது என் உறுதியான கருத்து. கட்டணம் செலுத்திப் பரிசோதனை மையத்தில் பார்த்து, எழுத்துபூர்வமாகச் சீட்டு வாங்குவதே முறை. அக்கா புதுச்சேரியில் வசிப்பதால், அங்கும் ஒருமுறை சோதித்துத் தன் மனத்தைத் தெளிவுபடுத்திக்கொண்டார்.

நான்காம் படி: ஒரே தரத்துக்கு மாற்றுதல்

நிகர எடையை டச்சால் பெருக்கி 91.6 ஆல் வகுத்தால், அந்த நகை எத்தனை கிராம் 916 தங்கத்துக்குச் சமம் என்று தெரியும். வளையல்கள் 48.00, சங்கிலி 32 × 88 ÷ 91.6 = 30.74; அட்டிகை 28 × 86 ÷ 91.6 = 26.29. மொத்தம் 105.03 கிராம், ஆளுக்கு 35.01.

அட்டிகையை அக்காவும், சங்கிலியைத் தம்பியும், வளையல்களைத் தங்கையும் விரும்பினார்கள். தங்கை ஒரு வளையலை அக்காவுக்குக் கொடுத்தார். அதன்படி அக்காவிடம் 38.29, தங்கையிடம் 36.00, தம்பியிடம் 30.74 கிராம். தம்பிக்குக் குறைவது 4.27 கிராம், அதில் 3.28 அக்காவும் 0.99 தங்கையும் தர வேண்டும். கழிவும் டச்சும் பாராமல் மொத்த எடையை மட்டும் வைத்து இதே பொருள்களைப் பங்கிட்டிருந்தால், அக்கா 11 கிராமுக்குப் பணம் கொடுத்திருப்பார்.

ஐந்தாம் படி: எந்த விலை?

கடைப் பலகையில் உள்ள 22 காரட் விலையை, மூன்று சதவீத ஜி.எஸ்.டி.யும் சேதாரமும் செய்கூலியும் சேர்க்காமல் எடுத்துக்கொள்ள வேண்டும்; அவை புதிதாக வாங்குபவருக்கு உரிய செலவுகள். 916-க்கு மாற்றிய எடையின் மீது 24 காரட் விலையைப் போடுவது இன்னொரு பிழை. கிராம் 10,000 ரூபாய் என்று வைத்தால் தம்பிக்கு 42,700 ரூபாய் வர வேண்டும். “விற்கப் போனால் இந்த விலை கிடைக்காதே” என்று தங்கை கேட்டது நியாயமான கேள்விதான். ஆனால் யாரும் விற்கவில்லை. கடை மூன்று சதவீதம் குறைத்து வாங்கும் என்று கொண்டாலும் வித்தியாசம் 1,281 ரூபாயே. பெறுபவர் அன்றே விற்கப்போகிறார் என்றால் மட்டும் வாங்கும் விலையைப் பேசலாம்.

பலகை விலை ஒரே நாளில் இருமுறை மாறுவதும் உண்டு என்பதால், தேதியோடு காலையா மாலையா என்பதையும் எழுதிவைக்க வேண்டும். அக்கா தன் பங்குப் பணத்தை இரண்டு மாதம் கழித்துத் தருவதாகச் சொன்னார். ஆகவே ஒப்பந்தத் தாளில் ரூபாயை எழுதாமல், “3.28 கிராம் 916 தங்கம், கொடுக்கும் நாளின் காலைப் பலகை விலையில்” என்று எழுதி மூவரும் கையொப்பமிட்டார்கள்.