கடைசிச் சரணத்தில் ஏறும் பாட்டு: தேடுகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வரி மறந்துவிட்டது, பாடியவர் யாரென்று தெரியாது. ஆனால் முடிகிற நேரத்தில் பாட்டு சட்டென்று மேலே ஏறியதும் ஓட்டம் பிடித்ததும் மட்டும் காதிலேயே நிற்கிறது. திருநெல்வேலிப் பக்கம் இப்படிப்பட்ட நினைவோடு பாட்டுத் தேடுகிறவர்கள் அதிகம். கோயில் கொடைத் திருவிழா என்றால் விடியற்காலையிலேயே மைக் செட்டுக்காரர் கூம்புக் குழாயில் பாட்டுப் போட்டுவிடுவார். வயலையும் வாய்க்காலையும் தாண்டி அது வீட்டுக்கு வருவதற்குள் சொற்கள் கரைந்துபோகும். ஏற்றமும் வேகமும்தான் மிஞ்சும். அந்த மிச்சத்தை வைத்தும் பாட்டைக் கண்டுபிடிக்கலாம். பெரும்பாலோர் தோற்பது அதைத் தவறாகப் படிப்பதால்தான்.

முதல் தவறு, மேலே ஏறியது எதுவானாலும் “சுருதி மாறியது” என்று முடிவு கட்டிவிடுவது. சுருதி மாறுவது என்றால் பாட்டின் ஆதார ஸ்வரமான ஸட்ஜமே இடம் பெயர வேண்டும். ஒரு கட்டையில் போய்க்கொண்டிருந்த பாட்டு ஒன்றரைக் கட்டைக்குத் தாவி, அதே மெட்டை அங்கே நின்று பாடுவதுதான் சுருதி மாற்றம். வாத்தியக் குழுவுக்கு முன்கூட்டியே எழுதிக் கொடுத்துச் செய்கிற திரைப்பாட்டிலும் மெல்லிசையிலும் இது வரும். தம்புரா ஒரே சுருதியில் நிற்கும் கச்சேரிப் பாட்டில் நடுவில் இப்படி வராது. அங்கே ஏறியதாகத் தோன்றுவது பெரும்பாலும் கடைசிச் சரணம் மேல் ஸ்தாயிக்குப் போனதாக இருக்கும், அல்லது பல ராகங்களைக் கோத்த ராகமாலிகையில் ராகம் மாறியதாக இருக்கும். ராகம் மாறினால் ஸ்வரங்கள் மாறும். ஸட்ஜம் நின்ற இடத்திலேயே நிற்கும். கச்சேரி முடிவில் மத்யம சுருதியில் பாடும் துக்கடாக்கள் என்ற சிறு பாட்டுகள் இன்னொரு கதை. பாடகர் மத்யமத்தையே ஸட்ஜமாகக் கொண்டு பாடுவார். ஆனால் அது பாட்டுக்கும் பாட்டுக்கும் இடையில் நிகழ்வது, பாட்டுக்குள் அல்ல.

இதைப் பிரித்தறிய ஒரு சோதனை போதும். கைபேசியில் தம்புரா செயலி ஒன்றைப் போட்டு, மாற்றத்துக்கு முந்தைய வரியை முணுமுணுத்து, அது எந்த ஸ்வரத்தில் இளைப்பாறுகிறதோ அதற்கு ஏற்பச் சுருதியைச் சரிசெய்து கொள்ளுங்கள். பிறகு தம்புராவை நிறுத்தாமலேயே கடைசிப் பகுதியைப் பாடுங்கள். அதுவும் அதே ஸட்ஜத்தில் வந்து அமர்ந்தால் சுருதி மாறவில்லை. தம்புராவோடு முட்டிமோதி, அரைக் கட்டையோ ஒரு கட்டையோ ஏற்றிவைத்த பிறகுதான் ஒட்டுகிறது என்றால் உண்மையிலேயே மாறியிருக்கிறது.

தம்புரா இல்லாமல் இந்தச் சோதனையைச் செய்வதுதான் அடுத்த தவறு. துணை இல்லாமல் பாடும்போது, அதிலும் வேகமான பகுதி வரும்போது, தொண்டை தானாகவே மேலே நழுவும். அப்படி நழுவியதைப் பாட்டின் மேல் ஏற்றிச் சொல்லிவிடுகிறோம். பேருந்தில் பக்கத்தில் இருப்பவரிடம் பாடிக் காட்டிவிட்டு, “கேட்டீர்களா, இந்த இடத்தில் ஏறுகிறது” என்பவர்களில் பாதிப் பேரின் சுருதி மாற்றம் அவர்கள் தொண்டையில் பிறந்ததுதான் என்பது என் கணிப்பு.

வேகத்தை அளப்பதிலும் இதே குழப்பம் உண்டு. தொடையில் தாளம் தட்டிக்கொண்டு பாடுங்கள். தட்டே விரைந்தால் பாட்டின் வேகம் மாறியிருக்கிறது. தட்டு அப்படியே இருக்க, ஒரு தட்டுக்கு இரண்டாக வந்த எழுத்துகள் நான்காக வந்தால் அது மேல்காலம். நான்குக்குப் பதில் மூன்றோ ஆறோ வந்து விழுந்தால் திஸ்ர நடைக்குப் போயிருக்கிறது. மூன்றுமே காதுக்கு “வேகம்” என்றுதான் படும். தேடும்போது மூன்றும் மூன்று வெவ்வேறு வகைப் பாட்டுகளுக்கு அழைத்துப் போகும். கழுகுமலை முருகன் மேல் சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியார் பாடிய காவடிச்சிந்துகளைக் கேட்டு வளர்ந்த காதுக்குத் திஸ்ரத்தின் துள்ளல் தெரியாமல் இருக்காது. அதற்குப் பெயர் தெரியாமல் இருக்கலாம், அவ்வளவுதான்.

இவ்வளவும் பாட்டுக்குள் இருப்பவை. பாட்டில் இல்லாத மாற்றத்தைக் கருவி உண்டாக்குவதும் உண்டு. கொடையில் நடந்த வில்லுப்பாட்டை ஊர்க்காரர் ஒருவர் பேட்டரியில் ஓடும் கேசட் ரெக்கார்டரில் பிடிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கேசட் நாடா விநாடிக்கு 4.76 சென்டிமீட்டர் ஓட வேண்டும். பதிவின்போது பேட்டரி தளரத் தளர மோட்டார் மெதுவாகிறது. நாடா விநாடிக்கு 4.76-க்குக் குறைவாகவே நகர்கிறது. வீட்டில் மின்சாரத்தில் ஓடும் நல்ல கருவியில் அதைப் போட்டால் நாடா சரியான வேகத்தில் ஓடும், பதிவானது மட்டும் விரைந்து வரும். விளைவு, கேசட்டின் முடிவுப் பக்கம் போகப்போகச் சுருதியும் ஏறுகிறது, வேகமும் கூடுகிறது. தேடுகிறவர் நினைவில் வைத்திருக்கும் அடையாளம் அச்சு அசலாக இதுதான்! அப்படி ஒரு பாட்டு உலகத்தில் எங்குமே இல்லாமலும் இருக்கலாம்.

கண்டுபிடிப்பது கடினமில்லை. கருவி செய்த ஏற்றம் படி ஏறாது, சரிவில் ஏறும். எந்தச் சொல்லில் மாறியது என்று சுட்டிக்காட்ட முடியாது. குரல் மெலிந்து கீச்சென்று ஆகும், வில்லுப்பாட்டில் தட்டும் குடத்தின் ஒலியும் கூடவே மெலியும். கணக்கும் உதவும். ஓட்டம் 6 சதவீதம் கூடினால் சுருதி ஏறத்தாழ அரைக் கட்டை ஏறும். நிமிடத்துக்கு 96 தட்டாக இருந்தது 102 ஆகி, கூடவே அரைக் கட்டையும் ஏறியிருந்தால் பேட்டரியைச் சந்தேகியுங்கள். பாட்டுக்கு உள்ளேயே அமைத்த சுருதி மாற்றத்தில் தாளம் பெரும்பாலும் அசையாது. ஒரு குறிப்பிட்ட சொல்லின் தலையில் அது நிகழும்.

இதைச் சரிபார்க்க யூடியூபின் வேகக் கட்டுப்பாட்டைப் பயன்படுத்தாதீர்கள். அது சுருதியைக் காப்பாற்றிக்கொண்டு வேகத்தை மட்டும் மாற்றும். நாடாக் கோளாற்றைச் செய்து பார்க்க இரண்டும் சேர்ந்து மாற வேண்டும். ஆடாசிட்டி போன்ற ஒலித் தொகுப்பு மென்பொருளில் அதற்குத் தனி வசதி இருக்கிறது.

வில்லுப்பாட்டு என்று சொன்னதால் ஒன்றைச் சேர்க்க வேண்டும். கதை உச்சத்தில் சாமியாடிக்கு அருள் வரும் இடத்தில் வேகம் கூடுவது கூத்தின் இயல்பு. அப்போது உடுக்கைக்காரர் உடுக்கையின் இடுப்பில் உள்ள கயிறுகளை இறுக்கிப் பிடிப்பார். உடுக்கையின் ஒலி மேலேறிக் கூவும். பாட்டு ஏறாமல் உடுக்கை மட்டும் ஏறியதைப் பாட்டு ஏறியதாக நினைப்பது எளிது. கணியான் கூத்தில் மகுடம் என்ற பறையின் ஒலியும் காதை இப்படி ஏமாற்றலாம். இந்த வகைக்கு இணையத்தில் தேடி நேரத்தைக் கழிப்பதைவிட, எந்தக் கோயில் கொடை, எந்த ஆண்டு வாக்கில் என்று சொல்லி அந்த ஊர் மைக் செட்டுக்காரரையோ வில்லுப்பாட்டுப் புலவரையோ கணியான் கூத்து அண்ணாவியையோ கேட்பது நல்லது.

இனி எல்லாவற்றிலும் பெரிய தவறு: இந்த மாற்றத்தை வைத்தே தேடலைத் தொடங்குவது. “கடைசியில் வேகமாகும் முருகன் பாட்டு” என்று எழுதித் தேடினால் எதுவும் கிடைக்காது, ஏனென்றால் இணையத்தில் பாட்டைப் பதிவேற்றுகிறவர் யாரும் தலைப்பில் அதை எழுதுவதில்லை. மாற்றம் என்பது கண்டுபிடிக்க உதவும் அடையாளம் அல்ல, கழித்துக்கட்ட உதவும் சல்லடை. முதலில் சொல்லாலோ பொருளாலோ ஒரு பட்டியலைச் சேர்க்க வேண்டும். பிறகுதான் சல்லடைக்கு வேலை.

அம்பாசமுத்திரம் பக்கத்து நண்பர் ஒருவரின் தேடல் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஆண் குரல், முருகன் பாட்டு, மலையைப் பற்றி ஏதோ வரும், முடிவில் “ஒரு படி ஏறி ஓடும்”. அவர் திரைப்பாட்டாகத்தான் இருக்கும் என்று பழைய பக்திப் படங்களை எல்லாம் புரட்டிக்கொண்டிருந்தார். ஆர்மோனியத்தில் ஒன்றரைக் கட்டையைப் பிடித்துக்கொண்டு அவரைப் பாடச் சொன்னேன். கடைசிப் பகுதி ஏறியது, ஆனால் வரி முடிந்ததும் அதே ஸட்ஜத்தில் வந்து உட்கார்ந்தது. ஆக, மேல் ஸ்தாயிச் சரணம், சுருதி மாற்றம் இல்லை. தட்டச் சொன்னபோது கை வேகமெடுக்கவில்லை. ஒரு தட்டுக்கு நான்காக வந்தவை ஆறாகிவிட்டன. அதாவது திஸ்ர நடை. இந்த இரண்டும் தெரிந்ததும் திரைப்படம் என்ற கட்டாயம் போய்விட்டது. சிந்து நடையில் முடியும் தனிப் பக்திப்பாட்டு என்று தேடலைத் திருப்பினோம்.

நினைவில் இருந்த மலையைத் தேடுசொல்லாக வைத்து, கழுகுமலை, பழனி, திருத்தணி என்று ஒவ்வொன்றோடும் முருகன், காவடி, சிந்து ஆகியவற்றைச் சேர்த்துப் பட்டியல் எடுத்தோம். ஒவ்வொரு பாட்டையும் முதலிலிருந்து கேட்கவில்லை. முக்கால் பங்கைத் தாண்டி இழுத்து, கடைசி ஒரு நிமிடத்தை மட்டும் கேட்டோம். நடை மாறாதவை விழுந்துவிட்டன. மிஞ்சியவற்றில் ஒன்றின் கடைசிச் சரணம் தொடங்கியதும் அவர் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார்.

பாட்டு அதுதான். ஆனால் அதே பாட்டை வேறொருவர் பாடிய பதிவில் நடை மாறவே இல்லை. கடைசிவரை ஒரே சீராகப் போய் முடிந்தது. முதலில் அந்தப் பதிவு கையில் கிடைத்திருந்தால் சரியான பாட்டையே தூக்கி எறிந்திருப்போம். முடிவில் வரும் மாற்றம் பெரும்பாலும் பாட்டுக்குச் சொந்தமானதல்ல, குறிப்பிட்ட ஒரு பதிவுக்குச் சொந்தமானது. சொற்கள் பொருந்தி முடிவு மட்டும் பொருந்தாத பாட்டைக் கழிக்காமல், வேறு யார் யார் பாடியிருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும்.

திரைப்பாட்டிலும் இதே கதைதான். நிமிடத்துக்கு 78 சுற்று சுற்றும் பழைய இசைத்தட்டின் ஒரு பக்கம் சுமார் மூன்று நிமிடந்தான் பிடிக்கும். நீண்ட பாட்டை இரண்டு பக்கமாகப் பிரித்தார்கள், அல்லது சுருக்கினார்கள். தட்டைப் புரட்டாமல் விட்டவருக்கு முதல் பக்கத்தின் முடிவே பாட்டின் முடிவு. படத்தில் வரும் விரைவான கடைசிப் பகுதி தட்டில் இல்லாமலும் போகலாம். அதனால் ஒலிப்பதிவில் மாற்றம் காணவில்லை என்றால், படத்தின் காட்சியையே எடுத்து, பாட்டு முடிந்து வசனம் தொடங்கும் வரை பார்த்துவிடுங்கள்.